ஒரே படகு, மூன்று கணக்கு: தூத்துக்குடியின் ‘சிறு மீனவர்’ யார்?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி, இரவு 9 மணிக்குள் கரை திரும்பிவிட வேண்டும். இது இங்கே நெடுநாளாக இருக்கிற கட்டுப்பாடு. இழுவலை போட்டு, அன்றே இறால், கணவாயோடு திரும்பும் இந்தப் படகு பெரிய மீன்பிடிப்பா, சிறிய மீன்பிடிப்பா?

திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு வைத்திருப்பவரிடம் கேட்டால், “இதென்ன கேள்வி, அது பெரிய போட்டுல்லா!” என்பார். ஆனால் உலக நாடுகளின் மீன்பிடிப்பை ஒப்பிடும் ஆய்வாளருக்கு அந்தப் பதில் போதாது. சிறு மீனவர்கள் எந்த நாட்டில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று அட்டவணை போட, ‘சிறு’ என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஓர் அர்த்தம் வேண்டும். சிக்கல் அங்கேதான்.

இந்தியாவின் கடல் மீன்வளக் கணக்கெடுப்பு எஞ்சினைப் பார்க்கிறது. எஞ்சின் படகை ஓட்டுவதோடு வலையையும் இழுத்தால் அது விசைப்படகு. எஞ்சின் படகை மட்டும் ஓட்டி, வலையை ஆட்கள் கையால் இழுத்தால் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு. எஞ்சினே இல்லாதது மூன்றாவது வகை. இந்தக் கணக்கில் நம் இழுவலைப் படகு முதல் வகை, அதாவது பெரியது.

மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில், இலங்கையின் பதிவேடு இன்னொன்றையும் கேட்கிறது: படகு கடலில் தங்குகிறதா, அன்றே திரும்புகிறதா? உள்பொருத்திய எஞ்சின் படகுகளைப் பல நாள் படகு, ஒரு நாள் படகு என்று அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். இந்த வரையறைப்படி தூத்துக்குடி இழுவலைப் படகு வெறும் ஒரு நாள் படகு. (2017 முதல் அடிமடி இழுவலைக்கு இலங்கையில் தடை இருக்கிறது என்பது வேறு கதை.) அதேசமயம், தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளத்திலிருந்து செவுள் வலையோடு போய், பல நாள் ஆழ்கடலில் தங்கி வருகிற படகு, அங்கே மேல் வகைக்குப் போய்விடும். இந்தியக் கணக்கில் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு படகுகள் இலங்கைக் கணக்கில் பிரிந்துவிடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எஞ்சினும் முக்கியமில்லை, நாளும் முக்கியமில்லை. 12 மீட்டருக்குக் குறைந்த நீளம், இழுத்துச் செல்லும் வலை கிடையாது என்ற இரண்டும் சேர்ந்தால் சிறு மீன்பிடிப்பு. 2014-ம் ஆண்டு மீன்வள நிதி ஒழுங்குமுறையில் இது எழுதப்பட்டிருக்கிறது. இந்த அளவுகோலில் நம் இழுவலைப் படகு எவ்வளவு நீளமாக இருந்தாலும் வலையாலேயே வெளியே போய்விடும். ஆனால் ஒரு நாட்டுப்படகு 12 மீட்டரை ஒரு முழம் தாண்டினாலும், கையால் வலை இழுத்து, பக்கத்துக் கடலிலேயே பிழைப்பு நடத்தினாலும், அதுவும் வெளியேதான்.

மூன்றில் எதுவும் தப்பில்லை. அந்தந்த நாட்டில் யாரை முறைப்படுத்த வேண்டும், யாருக்கு நிதி கொடுக்க வேண்டும் என்ற தேவைக்காக உருவானவை இவை. ஒன்றைத் தூக்கி இன்னொரு கடலுக்குக் கொண்டுபோகும்போதுதான் பிரச்சினை. எல்லோரையும் ஒரே டேப்பால் அளந்துவிட்டால் ஒப்பீடு சரியாகிவிடும் என்று நமக்குத் தோன்றும். அளவு ஒன்றாகிவிடும், உண்மைதான். அளக்கப்படும் பொருள் ஒன்றாக இருக்காது. ஐரோப்பாவில் 12 மீட்டர் என்பது பிழைப்புக்கும் தொழில் நிறுவனத்துக்கும் நடுவிலுள்ள கோட்டை ஓரளவு பிடிக்கிறது. இங்கே அந்தக் கோடு நீளத்தில் இல்லை, வலையை இழுப்பது கையா எஞ்சினா என்பதில் இருக்கிறது.

‘மீனவர்’ என்றால் யார்?

படகைவிட ஆளை எண்ணுவது இன்னும் சிரமம். தமிழில் ‘மீனவர்’ என்பது வேலையின் பெயர் மட்டுமல்ல, சமூகத்தின் பெயரும்கூட. 2010 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கடல் மீனவ மக்கள்தொகை 8 லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. அதில் குழந்தைகள், முதியவர்கள், வேறு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அடக்கம். உண்மையில் கடலுக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். வேலையை மட்டும் வைத்து எண்ணும் நாட்டின் எண்ணோடு இந்த 8 லட்சத்தை ஒருவர் அப்படியே பக்கத்தில் வைத்தால், தமிழ்நாட்டு மீனவர் ஒருவர் பிடிக்கும் மீன் நான்கில் ஒன்றாகச் சுருங்கித் தெரியும். அதைப் பார்த்து இங்கே திறமை குறைவு என்று அறிக்கை எழுதவும் ஆள் இருப்பார்கள்.

கேள்வித்தாளின் மொழியிலும் இதே பள்ளம் இருக்கிறது. ‘நீங்கள் மீன் பிடிக்கிறீர்களா?’ என்று சங்கு குளிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். “இல்லை, நான் சங்குக்குப் போறேன்” என்பார். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் நடக்கவில்லை என்றாலும், கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கிக்கொண்டு மூழ்கிச் சங்கெடுப்பது தொடர்கிறது. சர்வதேச வரையறையில் அவர் மீன்பிடிப்புத் தொழிலாளிதான், ஏனென்றால் மீன் மட்டுமல்லாமல் எந்தக் கடல் உயிரியைச் சேகரித்தாலும் அதில் சேரும். ஆனால் மொழிபெயர்த்த கேள்விக்கு அவருடைய நேர்மையான பதில் ‘இல்லை’. சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு, ஆளைத் தவறவிட்டுவிட்டது. “தொழிலுக்குப் போறியளா? என்ன தொழில்?” என்று கேட்டிருந்தால் அவர் கிடைத்திருப்பார். இந்தக் கடற்கரையில் ‘தொழில்’ என்றாலே கடல்தான்.

மதிப்பெண் போடும் வழி

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், வேர்ல்ட்ஃபிஷ் ஆகிய மூன்றும் 2023-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு 58 நாடுகளை விரிவாகப் பார்த்தது. உலகின் மீன்பிடிப்பில் குறைந்தது 40 சதவீதம் சிறு மீன்பிடிப்பிலிருந்து வருகிறது என்பது அதன் கணிப்பு. ஒரே கோட்டை எல்லா நாட்டின்மீதும் போடுவதற்குப் பதிலாக, மதிப்பெண் அட்டவணை ஒன்றை அவர்கள் பயன்படுத்தினார்கள். படகின் நீளம், எஞ்சின், வலை, மீனைப் பதப்படுத்தும் வசதி, கடலில் இருக்கும் நேரம், உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் உள்ள உறவு, மீன் எங்கே போய் விற்கிறது என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் அந்தப் படகுக்கூட்டம் எவ்வளவு ‘பெரியது’ என்று தெரியும்.

தூத்துக்குடி இழுவலைப் படகு இதில் நேரத்துக்குக் குறைந்த மதிப்பெண்ணும், எஞ்சினுக்கும் வலைக்கும் கூடுதல் மதிப்பெண்ணும் வாங்கும். 12 மீட்டரைத் தாண்டிய நாட்டுப்படகுக்கு நீளத்தில் மட்டும் மதிப்பெண் ஏறும், மற்றவற்றில் கீழேயே இருக்கும். ஒரு முழ நீளத்தால் ஆளே மாறிவிடும் விபத்து இங்கே நடக்காது. ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. கூலிக்குப் பதில் பங்கு வாங்கும் ஆள் தொழிலாளியா, கூட்டாளியா? பங்குமுறையை நன்கு அறிந்தவர் ஒரு மதிப்பெண் போடுவார், அறியாதவர் வேறு போடுவார். அதனால்தான் இத்தகைய ஒப்பீடுகளைப் படிக்கும்போது ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் நாடுகளின் வரிசை தலைகீழாகிறதா? ஆனால், அந்த வரிசை காட்டியது நாடுகளை அல்ல, கோட்டை.

உலக வர்த்தக அமைப்பில் மீன்பிடி மானியத்தைக் குறைக்கும் பேச்சு இந்தக் கோட்டில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. 2022-ல் ஒரு பகுதிக்கு உடன்பாடு வந்தது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்புக்கான மானியம் பற்றி 2024 பிப்ரவரி அபுதாபி மாநாட்டிலும் முடிவு எட்டப்படவில்லை. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்கிறது இந்தியா. வருமானம் குறைந்த, வாழ்வாதாரத்துக்காக மீன்பிடிப்பவர்களுக்கு விலக்கு என்ற வரி வரைவுகளில் இருக்கிறது. அந்த வரிக்குள் திரேஸ்புரம் நாட்டுப்படகு வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தருவைகுளத்துப் படகு வருமா என்பது, அதைக் கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கிறார்களா, எந்த வலை போடுகிறது என்று அளக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.