திருத்தணி மலையடியில் ஒரு தோல் பை பிறக்கிறது, எட்டிப் பார்ப்போம் வாங்க!

கதவைத் திறந்ததும் மூக்குதான் முதலில் உள்ளே ஓடுகிறது! மரப்பட்டையும் எண்ணெயும் தேன்மெழுகும் கலந்த வாசனை. திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளும் தொடங்கும் அடிவாரத்திலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே இரண்டு தையல் மிஷின், ஒரு நீள மேசை, சுவரோரம் சுருட்டி நிறுத்திய தோல்கள். பட்டறையைத் தொடங்கிய அக்கா, புதிதாக வரப்போகும் தோள்பையின் படத்துக்குக் கீழே இன்ஸ்டாகிராமில் போட நாலு வரி எழுத வேண்டும். பையை நேரில் தொட்டுப் பார்க்க முடியாத யாரோ ஒருவர், எங்கோ இருந்துகொண்டு, அந்த நாலு வரியை நம்பிப் பணம் அனுப்ப வேண்டும். அது எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்கத்தான் நான் வந்தது. வந்து நின்றால், வரிகளெல்லாம் மேசை மேலேயே வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன!

முதல் வரி தோலிலேயே இருக்கிறது. சோளிங்கர் வழியாகப் போனால் ராணிப்பேட்டை அதிக தூரமில்லை. அங்கிருந்து மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கம் முழுக்கத் தோல் ஷாப்புகள்தான். அக்கா வாங்குவது 'ஈ.ஐ.' என்று வியாபாரத்தில் சொல்லப்படும் தோல். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டின் பெயரில் இதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றுத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பதனிடுவார்கள். ஆவாரைக்குப் பதில் பின்னாளில் வாட்டில் பட்டை வந்தது. கடைசியில் ஒரு கடுக்காய்க் குளியல், பிறகு எண்ணெய். இன்று பெரும்பாலான தோல் குரோமிய உப்பில் பதனாகிறது. அது ஒரு நாள் வேலை. மெலிசாக, மெத்தென்று, எந்த நிறமும் ஏற்கும் தோல் அதில் கிடைக்கும். பட்டையில் பதனான தோல் விறைப்பாக இருக்கும், தண்ணீர் பட்டால் கறுக்கும், வெயில் படப்படவும் கை படப்படவும் தேன் நிறத்திலிருந்து கருப்பட்டி நிறத்துக்குப் போகும். இந்த மாற்றம் பிடித்தவர்களுக்குத்தான் இந்தப் பை.

சரி, பட்டைத் தோல்தான் என்று படத்தைப் பார்க்கிறவர் எப்படி நம்புவார்? இதைக் கேட்டதும் அக்கா ஓடிப்போய் ஒரு சின்ன புட்டி எடுத்து வந்தார் பாருங்கள், எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது! வினிகரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஊறவைத்த தண்ணீர் அது. வெட்டி எறிந்த துண்டு ஒன்றில் ஒரே ஒரு சொட்டு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் சாம்பலாகி, நீலம் தட்டி, மை போலக் கறுத்தது. மை போல என்ன, மையேதான்! கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்த நாளில் எழுதுமை காய்ச்சினார்களே, அதே வேதியியல். பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். குரோமியத் தோலில் இப்படி நடக்காது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குரோமியத்தில் பதனிட்டு, பிறகு பட்டைச் சாற்றிலும் ஒரு முறை முக்கி எடுத்த தோலும் ஓரளவு கறுக்கும். அதனால் சொட்டை மட்டும் பார்த்தால் போதாது, வெட்டுவாயையும் பார்க்க வேண்டும். பட்டைத் தோலின் வெட்டுவாய் மேலிருந்து கீழ் வரை ஒரே பழுப்பு. குரோமியத் தோலில், உள் வரைக்கும் சாயம் ஏறாதபோது, நடுவில் நீலச்சாம்பல் கோடு ஒன்று தெரியும். அதனால்தான் அக்கா பையின் ஓரங்களில் சிலவற்றைப் பெயின்ட் அடித்து மூடாமல், தேய்த்து மெழுகு மட்டும் போட்டு விடுகிறார். வாங்குகிறவர் பையைத் திருப்பி அந்த ஓரத்தைப் பார்த்தால் போதும்.

இந்த ஒரு சொட்டு இன்னொரு ரகசியத்தையும் திறந்து வைக்கிறது. பக்கிள், வளையம், ஆணி எல்லாம் ஏன் பித்தளை? அழகுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரும்பு வளையத்துக்கு முலாம் பூசி மாட்டினால், முலாம் தேய்ந்ததும் முதல் மழையிலேயே வளையத்தைச் சுற்றித் தோல் கறுத்துவிடும். அந்தக் கறையைத் துடைத்து எடுக்க முடியாது. வேர்வைக் கையோடு இரும்புக் கத்தரியை ஈரத்தோல் மேல் வைத்துவிட்டாலும் அதே கதிதான். இந்தப் பட்டறையில் தோலை நனைத்து வளைக்கும் வேளையில் மேசை மேல் இரும்புச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்பது தோல் வெட்டும் மாஸ்டரின் கட்டளை. பாதி தெலுங்கில், பாதி தமிழில், எல்லையோர ஊருக்கே உரிய மொழியில் அவர் போடும் அதட்டலுக்கு அக்காவும் தப்புவதில்லை!

மாஸ்டர் தோலை விரித்ததும் எல்லோரும் விலகி நிற்கிறார்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போடுகிறார். உண்ணி கடித்த புள்ளிகள், முள்வேலி கீறிய கோடு, கழுத்துச் சுருக்கம். முதுகுப் பக்கம் இறுகி இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். தோள்வாரை வயிற்றில் வெட்டினால் பாரம் தூக்கத் தூக்க அது தொய்ந்து போகும். அதனால் வார் முதுகெலும்புக்கு இணையாக மட்டும். பையின் முன்பக்கம் அதற்கு அடுத்த நல்ல இடத்தில். வயிற்றுத் தோல் உள்பை, சாவிக்கொத்து என்று போகும். நீங்கள் வாங்கிய பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது கொடுத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று தெரிந்துவிடும்.

முள்வேலிக் கீறல் இருக்கும் இடத்தை மாஸ்டர் ஒதுக்கிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆழமாக வெட்டிய கீறலென்றால் ஒதுக்குகிறார், அங்கே தோல் கிழியும். மேலோட்டமாக ஆறிப்போன கோடு என்றால் பையின் பின்பக்கத்தில் விட்டுவிடுகிறார். அக்கா அதைப் படம் எடுத்துத் தனியாகப் போடுகிறார், எந்தப் பைக்கு எந்தக் கோடு என்று! எனக்கு இந்தப் படம்தான் பட்டறையிலேயே மிகப் பிடித்தது. மேல்பூச்சு கனமாகப் பூசி, ஒரே மாதிரித் தடம் அழுத்திய தோலில் இந்தக் கோடு தெரியவே தெரியாது.

சீவுகிற வேலையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. தோல் சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனம். மடித்துத் தைக்கும் ஓரத்தில் அதைப் பாதிக்கும் கீழாகச் சீவ வேண்டும். கத்தி வெண்ணெயில் போகிற மாதிரிப் போகிறது, சுருள் சுருளாகத் தோல் உதிர்கிறது! கொஞ்சம் குறைத்துச் சீவினால் மடிப்பு புடைக்கும். கொஞ்சம் கூடினால் சில மாதத்தில் அந்த மடிப்பிலேயே பிளக்கும். பையின் உடம்பெல்லாம் மிஷின் தையல். வார் உடம்போடு சேரும் இடம் மட்டும் மெழுகு நூலில், இரண்டு ஊசி வைத்து, ஒரே துளையில் எதிரெதிராகப் போட்டு இழுக்கும் கைத்தையல். மிஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் கொக்கி போட்டு நிற்கின்றன, ஒன்று அறுந்தால் வரிசையாகப் பிரியலாம். கைத்தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது எல்லாத் துளையிலும் பிடித்திருக்கும்.

இங்கேதான் வரி எழுதும் வேலை சூடு பிடிக்கிறது. அக்காவின் முதல் வரைவில் 'முழுக்க முழுக்கக் கைவேலை' என்று இருந்தது. மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அவரே அடித்தார். 'உடம்பு மிஷின் தையல், வார் கைத்தையல்' என்று எழுதினார். எவ்வளவு நல்ல வரி! வாங்குகிறவர் வார் முனையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து அடிபட்டது 'இயற்கைக்கு உகந்தது'. பட்டையில் பதனிட்டாலும் சுண்ணாம்பும் உப்பும் பழுப்புக் கழிவுநீரும் வரத்தான் செய்யும். பாலாறு பட்ட பாட்டைத்தான் உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் பேசியது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. போதாததற்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி இப்படிப்பட்ட பொத்தாம் பொதுவான பசுமைச் சொற்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். அக்காவால் ஆதாரம் காட்ட முடிந்தது 'பட்டையில் பதனிட்டது' என்பதற்கு. அதனால் அது நின்றது.

பெரிய ஆளுக்கும் தொடக்கம் இதே அளவுதான். புதுச்சேரியில் திலீப் கபூர் 1978-இல் ஹைடிசைனைத் தொடங்கியபோது அது இரண்டே பேர் கொண்ட பட்டறை. அமெரிக்காவின் டென்வரில் முனைவர் பட்டம் வாங்கியவர், தோல் வேலையை ஆசைக்காகத்தான் தொட்டார். 2007-இல் லூயி வித்தோன் அதில் பங்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இன்றும் அந்த நிறுவனம் தன் கதையை அந்த இரண்டு பேர் பட்டறையிலிருந்துதான் சொல்லத் தொடங்குகிறது. கூடவே பட்டையில் பதனிட்ட தோல், வார்த்தெடுத்த பித்தளை என்கிறது. இந்த இரண்டும் ஏன் ஜோடியாக வருகின்றன என்று இப்போது உங்களுக்கே தெரியும்! தொடக்கத்தில் எத்தனை பேர் என்பதை வாங்குகிறவர் சோதிக்க முடியாது, நம்பத்தான் வேண்டும். தோலையும் பித்தளையையும் கையில் வைத்துப் பார்க்கலாம். பார்த்த இரண்டும் சரியாக இருந்தால், பார்க்க முடியாததையும் மனசு ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் அக்கா தன் சொந்தக் கதைக்கு ஒரே வரி, பைக்கு மீதி எல்லாம் என்று வைத்திருக்கிறார்.

கடைசியாக மாஸ்டர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். வியாபாரத்துக்கு ஆகாத வரி என்று தோன்றும். ஐப்பசி மழையில் அலமாரியில் பூட்டி வைத்தால் பட்டைத் தோலில் பூஞ்சை பிடிக்கும். புதிதில் வெள்ளைச் சட்டை மேல் உரசினால் சாயம் கொஞ்சம் ஒட்டலாம். பட்டறையில் ஒவ்வொரு சாயத்தையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள், அடர்நிறங்கள் லேசாக விடத்தான் செய்கின்றன. 'போடு, அக்கா. பிறகு போனில் திட்டு வாங்குவதற்கு இது மேல்' என்றார் மாஸ்டர். போட்டார்!

படத்தோடு போன வாசகம் இதுதான்:

'திருத்தணி மலையடியில் நாங்கள் நாலு பேர் செய்த பை. பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல்; ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், உள்ளேயும் அதே பழுப்பு. உடம்பு மிஷின் தையல், வார் கைத்தையல். வளையம் பித்தளை. பின்பக்கக் கோடு முள்வேலி கீறி ஆறியது, மூன்றாவது படத்தில் இருக்கிறது. வெயிலிலும் கையிலும் நிறம் கறுத்துக்கொண்டே போகும். மழைக்காலத்தில் பூட்டி வைக்காதீர்கள், காற்றாட வையுங்கள். முதல் சில வாரம் வெள்ளைச் சட்டையோடு வேண்டாம். கேட்டால் ஒரு துண்டுத் தோல் பையோடு அனுப்புகிறோம், ஆணித்தண்ணீர் விட்டுப் பாருங்கள்.'

பதிவு போன கொஞ்ச நேரத்தில் முதல் கேள்வி வந்தது. விலை கேட்கவில்லை, ஆணித்தண்ணீர் எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தார்கள்! அக்கா உடனே புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடியோ எடுக்கக் கிளம்பிவிட்டார்.