பாலிஷ் போடுவதற்கு முன் ஒரு நிமிடம்

அக்கா புது வீட்டுக்குத் தேக்குக் கட்டில் செய்யச் சொல்லியிருந்தாள். ஆறேகால் அடிக்கு ஐந்தடி. முன்பணம் கேட்பதற்கு முன்னால் தச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் காணொளி ஒன்றை அனுப்பினார். பாட்டு இல்லை, எழுத்துகள் பறக்கவில்லை. பட்டறைத் தரையில் நாலைந்து சட்டங்கள் கிடக்கின்றன. ஒன்றைத் திருப்பி, விரலால் தட்டிச் சொல்கிறார்: "இந்தச் சட்டத்துல கணு ஒண்ணு இருக்கும்மா, பாத்துக்குங்க. தலைமாட்டுல கீழ்க் குறுக்குச் சட்டமா போட்டு, கணு அடியில வர்ற மாதிரி திருப்பிடறேன். அங்க பாரம் விழாது. வேணாம்னா சொல்லுங்க, மாத்திடலாம்."

அக்கா மாற்றச் சொல்லவில்லை. அன்று மாலையே முன்பணம் போய்ச் சேர்ந்தது.

பட்டறைக் காணொளிகள் இப்போது ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு. இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாய் மரச்சீவல் எழுகிறது, இயந்திர ரம்பம் பொடி பறக்க அறுக்கிறது, கடைசியில் பளபளக்கும் மேசை. பார்க்க அழகுதான். ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது இது அல்ல. மரச்சாமானில் ஏமாற்று நடப்பதெல்லாம் பாலிஷுக்கு அடியில்தான். பாலிஷ் ஏறிவிட்டால் அதைக் கண்டுபிடிக்கத் தச்சராலேயே சிரமம். பாலிஷ் மறைக்கப்போவதை முன்கூட்டியே காட்டுகிற காணொளிக்குத்தான் மதிப்பு.

முதலில் மரத்தின் நிறம். தேக்குத் தடியின் நடுப்பகுதி வைரம். பொன்னிறம் கலந்த பழுப்பாக, தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். ஓரத்தில் இருப்பது வெள்ளை. இரண்டும் ஒரே மரத்தில் வந்தவைதான், எனவே "தேக்குதான் சார்" என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் வெள்ளையில் மாவுச்சத்து உண்டு. பூச்சி அதைத் தேடித்தான் வரும். இரண்டு வருஷத்தில் கட்டிலுக்கு அடியில் மாவு போலப் பொடி கொட்ட ஆரம்பித்தால், உளுத்தது பெரும்பாலும் வெள்ளைப் பகுதியாக இருக்கும். நிறச்சாயம் பூசி பாலிஷ் அடித்துவிட்டால் வெள்ளையும் வைரமும் ஒரே நிறம். அதனால் சட்டத்தின் நாலு பக்கத்தையும் இரண்டு முனைகளையும் வெறும் மரமாகக் காட்டினால் போதும். முனையில் வெளிறிய பட்டை எவ்வளவு அகலம் என்று கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது ஈரம். இதில்தான் நல்ல எண்ணம் உள்ளவர்களும் தவறுகிறார்கள். இரண்டு ஊசி உள்ள சின்ன ஈரமானியை மரத்தில் குத்தினால் எண் காட்டும். நம் ஊர் வீடுகளுக்கு 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சாமான் செய்யலாம். காணொளிகளில் பலகையின் மேல்பரப்பில் குத்தி, "பாருங்க, 12" என்கிறார்கள். ஊசி இறங்குவது சில மில்லிமீட்டர்தான். வெயிலில் கிடந்த பலகையின் தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். எங்கள் தச்சர் பலகையின் முனையிலிருந்து ஒரு அடி தள்ளி அறுத்தார், புதிதாக அறுபட்ட முகத்தின் நடுவில் ஊசியை வைத்தார். ஒரு பலகையில் 13 வந்தது. இன்னொன்றில் 19. அந்தப் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "இது இந்தக் கட்டிலுக்கு ஆகாது" என்றார்.

அந்த 19-ஐப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மரம் நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம், சுருங்குவதெல்லாம் அகலவாக்கில். தேக்கு குறைவாகச் சுருங்கும் மரம். அப்படியிருந்தும், தலைமாட்டுக்கு 16 அங்குல அகலத்தில் இணைத்த பலகை 19-லிருந்து 12-க்குக் காயும்போது சுமார் 5 மில்லிமீட்டர் குறுகிவிடும். பலகையை நாலு பக்கமும் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தால் அதற்குச் சுருங்க இடம் கிடையாது. ஒரு கோடை தாண்டுவதற்குள் நடுவில் வெடிக்கும். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சட்டத்தில் காடி எடுத்து, பலகையைப் பசையில்லாமல் அதில் நிறுத்துவார்கள். காணொளியில் தச்சர் பலகையைக் காடிக்குள் வைத்துக் கையால் அசைத்துக் காட்டினார். அக்காவுக்கு முதலில் திக்கென்றது. "ஆடுதே!" என்றாள். ஆடத்தான் வேண்டும் என்று நான் சொன்ன பிறகுதான் சமாதானமானாள். இப்படி ஒரு வார்த்தை விளக்கம் சேர்க்காவிட்டால், உண்மையைக் காட்டியே வாடிக்கையாளரை இழந்துவிடலாம்.

மூன்றாவது மூட்டு. தலைமாட்டுக் காலில் துளை, குறுக்குச் சட்டத்தின் நுனியில் கழுந்து. ஒன்றரை அங்குலச் சட்டமென்றால் கழுந்து அரை அங்குலக் கனம், துளைக்குள் குறைந்தது ஒன்றரை அங்குலமாவது இறங்க வேண்டும். பசை போடுவதற்கு முன் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது தச்சு வேலையில் வழக்கம். காட்ட வேண்டிய கணம் அதுதான். கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் கழுந்து ஏறி நிற்க வேண்டும். சும்மா விட்டால் விழுகிறது என்றால் துளை பெரிது. ஓங்கி அடித்தால்தான் போகிறது என்றால் கால் பிளக்கும். கழுந்தைக் குட்டையாக அறுத்து ஆணி இரண்டு இறக்கி, இடைவெளியில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால், வெளியே தெரிவது நல்ல மூட்டைப் போலவே இருக்கும். ஆடத் தொடங்கும்போதுதான் தெரியும். கட்டிலின் பக்கச் சட்டங்களை மட்டும் பெரும்பாலும் கழற்றி மாட்டுகிற இரும்புக் கொக்கியால் இணைப்பார்கள். அது குறையல்ல, இல்லாவிட்டால் மாடிப்படி ஏற்ற முடியாது.

இவ்வளவையும் காட்டினாலும் ஒரு கேள்வி மிஞ்சும். காட்டிய மரம்தான் என் வீட்டுக்கு வருகிறதா? வேறொரு பட்டறையில் எடுத்த படமாக இருக்கலாம், அல்லது ஒரு நல்ல கட்டிலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பத்துப் பேருக்கு அனுப்பலாம். இதற்கு எளிய வழி சாக்பீஸ். சட்டத்தின் முனையில் வாடிக்கையாளரின் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் படமெடுக்கச் சொல்லலாம். மரத்தின் ரேகையும் கைரேகை மாதிரிதான். ஒரு சட்டத்தின் ஓட்டம் இன்னொன்றில் வராது. முதல் காணொளியில் பார்த்த ரேகையைக் கடைசிக் காணொளியில் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

காமிராவால் ஆகாத காரியங்களும் உண்டு. மணம் வராது, எடை தெரியாது. சாயமேற்றிய வேற்று மரத்தைத் திரையில் பார்த்துத் தேக்கு என்று சத்தியம் செய்ய எந்த நிபுணராலும் முடியாது. அதனால் பெரிய தொகை என்றால், பாலிஷுக்கு முந்தின நாள் பட்டறைக்கு ஒரு நடை போய்வருவதே நல்லது. காணொளி அந்தப் பயணத்துக்கு மாற்று அல்ல. எந்தப் பட்டறைக்குப் போகலாம் என்று தேர்ந்தெடுக்கத்தான் அது.

குறை சொல்லி வியாபாரம் ஆகுமா என்று தச்சர்கள் சிலர் கேட்பார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில், அவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் தர முன்வருவார். அந்த விலை கட்டாமல் நல்ல பொருள் வைத்திருப்பவர் விலகிப்போவார் என்பது அதன் சாரம். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். முழு வைரத்தில் செய்கிற தச்சர், வெள்ளையில் செய்கிறவரின் விலைக்கு இறங்கிவர வேண்டியிருப்பதும் இதே கதைதான். கணுவைக் காட்டியவரிடம் அக்கா பேரம் பேசவில்லை என்பதை நான் கவனித்தேன்.

நீங்களும் இப்படியொரு காணொளியை நம்பிக் கட்டில் வாங்கினால், அதை அழிக்காமல் வைத்திருங்கள். சாமான் வந்து இறங்கியதும், பூட்டி நிறுத்துவதற்கு முன்னால் தலைமாட்டைக் கவிழ்த்துக் கீழ்க் குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அவர் காட்டிய கணு அங்கே இருக்க வேண்டும்.