கை கழுவச் சொன்ன விதி: மட்டமா, சாய்வா?

ஒரு மருத்துவமனை புதிய விதி ஒன்றைக் கொண்டுவருகிறது. சில மாதங்களில் இறப்பு குறைகிறது. குறைத்தது அந்த விதிதானா, அல்லது தானாகவே குறைந்துகொண்டிருந்ததா? இதைக் கண்டறியப் புள்ளியியலில் ஒரு வழி உண்டு. 'இடைமுறிவுக் காலத்தொடர்ப் பகுப்பாய்வு' என்று அதைச் சொல்லலாம். பெயர் நீளமானாலும் செய்கிற வேலை எளிது. விதிக்கு முந்திய மாதங்களுக்கு ஒரு கோடு, பிந்திய மாதங்களுக்கு ஒரு கோடு போடுகிறோம். இரண்டும் சேரவேண்டிய இடத்தில் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்கிறோம்.

இதற்குப் பழைய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வியன்னா பொது மருத்துவமனையின் முதலாம் மகப்பேற்றுப் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். அங்குப் பயின்ற மருத்துவ மாணவர்கள் பிரேதப் பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்தனர். 1847 மே மாத நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே தாய்மார்களைத் தொடவேண்டும் என்று டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ் விதி செய்தார்.

அந்த ஆண்டு ஏப்ரலில் 312 பிரசவங்களில் 57 தாய்மார்கள் இறந்தனர், அதாவது 18.3 விழுக்காடு. ஜூனில் 268 பிரசவங்களில் 6 பேர், 2.2 விழுக்காடு. இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். அதே ஆண்டு மார்ச்சில், விதி வருவதற்கு முன்பே, இறப்பு 3.6 விழுக்காடுதான். விதி வந்த பிறகு அக்டோபரில் அது 4.0. மார்ச்சையும் அக்டோபரையும் மட்டும் ஒப்பிட்டால் விதியால் பயனே இல்லை என்று சொல்லிவிடலாம். இரண்டு மாதங்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுபவர் எந்த முடிவையும் நிறுவிவிட முடியும். அதனால்தான் முழு வரிசையும் தேவைப்படுகிறது.

1846 ஜனவரியை 1 என்று வைத்து மாதங்களுக்கு எண் கொடுங்கள். மே மாதம் பாதி பழைய வழக்கம், பாதி புதிய விதி என்பதால் அதை விட்டுவிடுவோம். விதிக்குட்பட்ட முதல் முழு மாதமான ஜூனின் எண் 18. இப்போது சூத்திரம் இது:

```
Y = b0 + b1*T + b2*X + b3*(T-18)*X
```

Y என்பது இறப்பு விழுக்காடு. T மாத எண். X விதிக்கு முன் 0, பின் 1. b1 பழைய சாய்வைச் சொல்கிறது: விதி வருமுன் இறப்பு மாதம் எவ்வளவு ஏறிற்று அல்லது இறங்கிற்று என்பதை. b2 மட்டத்தில் நேர்ந்த மாற்றம். பழைய கோட்டை ஜூன் வரை நீட்டினால் அது ஓர் இடத்தைத் தொடும். உண்மையான புதிய கோடு அங்கிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே தொடங்குகிறது என்பதே b2. b3 சாய்வில் நேர்ந்த மாற்றம். புதிய சாய்விலிருந்து பழைய சாய்வைக் கழித்தால் வருவது.

1846 ஜனவரி முதல் 1847 ஏப்ரல் வரையிலான 16 மாதங்களுக்குக் கோடு போட்டால், இறப்பு மாதத்துக்கு 0.67 புள்ளி வீதம் இறங்கிக்கொண்டிருந்ததாக வருகிறது. ஜூன் வரை நீட்டினால் 5.7 விழுக்காடு. 1847 ஜூன் முதல் 1848 டிசம்பர் வரையிலான 19 மாதங்களின் கோடு 2.85-இல் தொடங்கி, மாதத்துக்கு 0.1 புள்ளி இறங்குகிறது. ஆகவே மட்டம் ஏறத்தாழ 2.85 புள்ளி குறைந்தது. சாய்வின் மாற்றமோ கூட்டல் 0.57!

கணினி கொடுக்கும் எண்ணை அப்படியே படிப்பவர் என்ன எழுதுவார்? 'விதி முதலில் கொஞ்சம் உதவியது. பிறகு, வேகமாக இறங்கிக்கொண்டிருந்த இறப்பைத் தாமதப்படுத்திவிட்டது' என்று எழுதுவார். கணக்கில் பிழை இல்லை, முடிவுதான் அபத்தம். இந்த முறையைப் பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி விழுகிற குழி இதுதான்.

பழைய கோட்டை இன்னும் நீட்டிப் பாருங்கள். 1848 மார்ச்சில் அது பூச்சியத்துக்குக் கீழே போய்விடுகிறது. டிசம்பரில் கழித்தல் 6.4 விழுக்காடு! ஆயிரம் பிரசவங்களில் 64 பேர் 'எதிர்மறையாக' இறப்பதா? விதி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்தக் கோடுதான் நம் சாட்சி. சாட்சியே நடக்க முடியாததைச் சொல்லும்போது, அதை அளவுகோலாக வைத்து எடுத்த b2-ஐயும் b3-ஐயும் எப்படி நம்புவது? முன்கோட்டைப் பின்காலத்தின் கடைசி மாதம்வரை நீட்டி வரைந்து பார்ப்பது, இத்தகைய ஆய்வில் எவரும் செய்யக்கூடிய முதல் சோதனை.

கோடு ஏன் இப்படிச் சரிந்தது? 1846 டிசம்பர் முதல் 1847 மார்ச் வரை இறப்பு 5.4, 3.2, 1.9, 3.6 என்று தாழ்ந்திருந்தது. முன்காலத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும் நான்கு தாழ்ந்த மாதங்கள், நெம்புகோலின் நுனியில் தொங்கும் எடைபோல, கோட்டைக் கீழே இழுத்துவிட்டன. அந்த வேளையில் மாணவர் எண்ணிக்கை குறைக்கப்பட்டிருந்தது. அப்போதைய உதவி மருத்துவர் பிரேத அறைக்கு அதிகம் போகவில்லை என்றும் செம்மல்வைஸ் விளக்கினார். மார்ச் பிற்பகுதியில் அவரே அப்பொறுப்புக்குத் திரும்பினார். ஏப்ரலில் இறப்பு மீண்டும் 18 விழுக்காட்டைத் தாண்டியது. ஆக, அந்த இறக்கம் ஒரு நீண்டகாலப் போக்கின் பகுதி அல்ல, வந்துபோன ஒரு பள்ளம்.

இதற்கு மருந்து முன்காலத்தை நீட்டுவதுதான். 1841 முதல் 1846 வரை முதலாம் பிரிவின் ஆண்டு இறப்பு 7.8, 15.8, 9.0, 8.2, 6.9, 11.4 விழுக்காடு. இவற்றுக்குக் கோடு போட்டால் ஆண்டுக்கு 0.27 புள்ளி மட்டுமே இறங்குகிறது. கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. 1848 வரை நீட்டினால் 8.6 விழுக்காட்டை எதிர்பார்க்கச் சொல்கிறது. நடந்ததோ 3,556 பிரசவங்களில் 45 இறப்பு, 1.3 விழுக்காடு. வீழ்ச்சி ஏழு புள்ளிக்கும் மேல். ஆறே ஆண்டுப் புள்ளிகளில் அமைந்த கோடு இது என்பதால் அந்த ஏழைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 'விதி இறக்கத்தைத் தாமதப்படுத்தியது' என்ற வாசகம் இதன்முன் நிற்காது.

விழுக்காட்டை அப்படியே கோட்டில் பொருத்தாமல், இறந்தோருக்கும் பிழைத்தோருக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைப் பொருத்துவதும் வழக்கம். அப்படிச் செய்தால் கோடு பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆனால் நுனியில் தொங்கும் நான்கு மாதங்களின் இழுவையை அது போக்காது. மேலும், அடுத்தடுத்த மாதங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த நான்கு மாதங்களே அதற்குச் சான்று. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால், பிழை வரம்பு உண்மையில் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். அதற்கேற்பப் பிழை வரம்பைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கேள்வி பாக்கியிருக்கிறது. அதே காலத்தில் வியன்னாவில் வேறு ஏதாவது மாறி, அதனால் இறப்பு குறைந்திருந்தால்? ஒரே வரிசையை எவ்வளவு அலசினாலும் இதற்கு விடை கிடைக்காது. நல்லவேளையாக அதே மருத்துவமனையில் இரண்டாம் பிரிவு ஒன்று இருந்தது. அங்கு மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றார்கள். பிரேதப் பரிசோதனை அவர்கள் வேலை அன்று. எந்தத் தாய் எந்தப் பிரிவுக்குப் போவார் என்பதைப் பெரும்பாலும் சேரும் நாளே முடிவு செய்தது. அங்கு 1846-இல் இறப்பு 2.8 விழுக்காடு, 1848-இல் 1.3. அங்கும் குறைந்திருக்கிறது, ஆனால் ஒன்றரைப் புள்ளிதான். முதலாம் பிரிவிலோ அதே இரண்டு ஆண்டுகளுக்கிடையே பத்துப் புள்ளி. ஊருக்கே பொதுவான ஒரு காரணம் இருந்திருந்தாலும், இரண்டாம் பிரிவு காட்டும் அந்த ஒன்றரைப் புள்ளி அளவுக்குத்தான் அதைக் கணக்கில் வைக்கலாம். மீதி எட்டரைப் புள்ளிக்கு முதலாம் பிரிவுக்குள்ளேதான் காரணம் தேடவேண்டும்.