பொறுப்புத் துறப்பு ஜெர்மனிக்குப் போனால்

அமெரிக்க நிறுவனங்களின் மென்பொருள் ஒப்பந்தங்களைப் புரட்டினால் நடுவில் ஒரு பத்தி மட்டும் முழுக்கப் பெரிய எழுத்துகளில் இருக்கும். ‘இந்த மென்பொருள் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது. எந்த உத்தரவாதமும் இல்லை. இதனால் நேரும் எந்த நட்டத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்பது அதன் சாரம். பொறுப்புத் துறப்பு என்பது இதைத்தான். அது பெரிய எழுத்தில் இருப்பதற்குச் சட்டக் காரணம் உண்டு. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் பொது வணிகச் சட்டத் தொகுப்பின்படி, விற்பவர் சொல்லாமலே பொருளுக்குச் சில உத்தரவாதங்கள் சேர்ந்துவிடும். எழுத்து மூலம் அவற்றை விலக்குபவர், வாங்குபவர் கண்ணில் படும்படி எழுதியாக வேண்டும். ‘உள்ளது உள்ளபடி’ என்ற தொடருக்கும் அதே சட்டத்தில் இடம் உண்டு. ஆக, அந்தப் பத்தியின் ஒவ்வொரு சொல்லும் அமெரிக்க நீதிபதியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இதே பத்தியை ஒருவர் பிழையில்லாத ஜெர்மன் மொழியில் பெயர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாக்கியங்கள் சரியாக இருக்கும். ஆனால் ஜெர்மன் நீதிபதி முன்னால் அந்தப் பத்தி நிற்காது.

ஜெர்மனியில் ஒப்பந்தங்களை ஆள்வது 1900 முதல் நடைமுறையில் உள்ள சிவில் சட்டத் தொகுப்பு. விற்பவர் முன்கூட்டியே தயாரித்து எல்லோரிடமும் நீட்டும் நிபந்தனைகளுக்கு அதில் தனி விதிகள் உண்டு. உயிருக்கோ உடலுக்கோ நேரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று அத்தகைய நிபந்தனைகளில் எழுத முடியாது. கடுமையான அலட்சியத்துக்கும் பொறுப்பைத் துறக்க முடியாது. வேண்டுமென்றே செய்த தீங்கு என்றால், இரு தரப்பும் உட்கார்ந்து பேசி எழுதிய ஒப்பந்தத்தில்கூட முன்கூட்டியே விலக்கு வாங்கிக்கொள்ள முடியாது. வாங்குபவர் வணிகராக இருந்தாலும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் இதே அளவுகோலையே வைக்கின்றன.

ஒரு கற்பனை வழக்கைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 500 யூரோவுக்கு பில்லிங் மென்பொருள் விற்கிறது. ஒப்பந்தத்துக்குப் பொருந்துவது ஜெர்மன் சட்டம். ஆங்கில மூலத்தை அப்படியே பெயர்த்த ஷரத்து, ‘எந்த நிலையிலும் எங்கள் பொறுப்பு வாங்கிய விலையைத் தாண்டாது’ என்கிறது. ஒரு பேக்கரி அதை வாங்குகிறது. நிறுவனம் அனுப்பிய அப்டேட்டில் ஒரு சிறு கவனக்குறைவு. பேக்கரியின் கணக்குகள் அழிந்து 40,000 யூரோ நட்டம்.

சிறு கவனக்குறைவுக்கு மட்டும் ஒரு வரம்பு கட்டி எழுதியிருந்தால் ஓரளவு செல்லுபடியாகியிருக்கும். ஆனால் ஷரத்து ‘எந்த நிலையிலும்’ என்கிறது. கடும் அலட்சியம், உயிர்ச்சேதம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அளவுக்கு மீறிய ஷரத்தை, செல்லும் அளவுக்கு வெட்டிச் சுருக்கிக் காப்பாற்றும் வேலையை ஜெர்மன் நீதிமன்றம் செய்யாது. ஷரத்து முழுவதும் விழும்; ஒப்பந்தத்தின் மற்ற பகுதி நிற்கும்; காலியான இடத்தைச் சட்டத்தின் பொது விதி நிரப்பும். அந்தப் பொது விதிப்படி சிறு கவனக்குறைவுக்கும் முழு நட்ட ஈடு உண்டு. பேக்கரி தன் கணக்குகளுக்கு பேக்கப் எடுக்காமல் இருந்திருந்தால் தொகை குறையலாம். ஆனால் 500 யூரோ என்ற வரம்பு போனது போனதுதான். ஷரத்தை மூலத்துக்கு முழு விசுவாசமாகப் பெயர்த்ததன் விளைவு, நிறுவனத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போனது.

‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்று ஒரு தொடரைச் சேர்த்தால் போதாதா? ஆங்கில ஒப்பந்தங்களில் இது சர்வசாதாரணம். ஜெர்மன் விதியோ நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் எதுவரை அனுமதிக்கிறது என்று கண்டுபிடிக்கும் பாரத்தை வாங்குபவர் தலையில் கட்டுவதை நீதிமன்றங்கள் தெளிவாகக் கருதுவதில்லை. அதனால் அந்தத் தொடர் பெரும்பாலும் ஷரத்தைக் காப்பாற்றுவதில்லை.

அடுத்த சிக்கல் ‘வாரண்டி’. நம் ஊர்க் கடைகளில் கேரண்டி என்றால் மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் ரிப்பேர் செய்து தருவார்கள் என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. ஜெர்மனியில் பிரிவினை வேறு. பொருளில் குறை இருந்தால் விற்றவர் பொறுப்பு என்று சட்டமே சுமத்துவது ஒன்று. அதை ‘கெவேர்லைஸ்டுங்’ என்பார்கள். அதற்கு மேல் ஒருவர் தானாக முன்வந்து தரும் வாக்குறுதி இன்னொன்று, அது ‘கரன்டீ’. இரண்டாவதைக் கொடுத்துவிட்டால், தன் மேல் தவறே இல்லாத நிலையிலும் நட்ட ஈடு தர நேரலாம். ஆங்கிலத்தில் சாதாரணமாக வந்த ‘வாரண்டி’யை அகராதி பார்த்து ‘கரன்டீ’ என்று எழுதிவிட்டால், விற்பவர் கொடுக்க நினைக்காத ஒரு வாக்குறுதி ஒப்பந்தத்துக்குள் நுழைந்துவிடும்.

அதனால் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் வேலையைக் கையில் வாங்கும்போதே இரண்டு கேள்விகள் கேட்பார். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்? இந்த மொழிபெயர்ப்பு படித்துப் புரிந்துகொள்ளவா, கையெழுத்துப் போடவா?

புரிந்துகொள்ள மட்டும் என்றால் மூலத்தில் உள்ளதை உள்ளபடி பெயர்க்கலாம். ஈடான சட்டக் கருத்து இல்லாத இடத்தில், அதற்கு ஒப்பான உள்ளூர்ச் சொல்லை வைத்து ஏமாற்றாமல், விளக்கமாக எழுதி, இது அமெரிக்கச் சட்டக் கருத்து என்று குறிப்புப் போடுவார். கையெழுத்துக்கு என்றால் பொறுப்புத் துறப்பு ஷரத்தைப் பெயர்க்காமல், ஜெர்மன் வழக்கறிஞரிடம் புதிதாக எழுதி வாங்கச் சொல்வார்.

புதிதாக எழுதிய ஷரத்து பார்வைக்கே வேறு மாதிரி இருக்கும். வேண்டுமென்று செய்த தீங்கு, கடும் அலட்சியம், உயிர் உடல் சேதம் ஆகியவற்றுக்கு முழுப் பொறுப்பு என்று முதலில் ஒப்புக்கொள்ளும். பிறகு, சிறு கவனக்குறைவால் ஒப்பந்தத்தின் அடிப்படைக் கடமை மீறப்பட்டால், இத்தகைய ஒப்பந்தத்தில் எதிர்பார்க்கக்கூடிய நட்டத்துக்கு மட்டும் பொறுப்பு என்று வரம்பு கட்டும். இங்கும் ஒரு கண்ணி உண்டு. அந்த அடிப்படைக் கடமையைக் குறிக்கும் வழக்கறிஞர்களின் சொல்லான ‘கார்டினால்ஃப்லிஷ்டன்’ என்பதை விளக்கமின்றி வைத்த ஒரு ஷரத்தை, சாமானியருக்குப் புரியாது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2005இல் தள்ளிவிட்டது. அந்தக் கடமை என்ன என்பதைச் சாதாரண மொழியில் ஷரத்திலேயே விளக்க வேண்டும்.

பெரிய அமைப்புகளும் இதற்கு வெவ்வேறு வழி கண்டிருக்கின்றன. ஜிபிஎல் உரிமத்தை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை எந்த மொழிபெயர்ப்பையும் சட்டப்படி செல்லும் பிரதியாக ஏற்பதில்லை. ஆங்கில மூலம் மட்டுமே உரிமம். ஐரோப்பிய ஆணையம் 2007இல் ஒப்புதல் அளித்த ஐரோப்பிய ஒன்றியப் பொது உரிமம் எதிர்த்திசையில் போனது. அதன் அங்கீகரிக்கப்பட்ட மொழிப் பிரதிகள் எல்லாம் சம மதிப்புடையவை. அது முடிந்ததற்கு ஒரு காரணம், வேண்டுமென்று செய்த தீங்கையும் மனிதருக்கு நேரடியாக நேரும் சேதத்தையும் பொறுப்புத் துறப்பிலிருந்து தொடக்கத்திலேயே விலக்கிவிட்டுத்தான் அது எழுதப்பட்டது.

இருமொழி ஒப்பந்தங்களில் ‘முரண்பாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும்’ என்றொரு வரி கடைசியில் இருக்கும். மொழிபெயர்ப்புப் பிழைக்கு அது மருந்துதான். ஆனால் பொருந்துவது ஜெர்மன் சட்டம் என்றால், ஆங்கிலத்தில் உள்ள ஷரத்தையும் நீதிபதி அதே விதிகளால்தான் அளப்பார். பெரிய எழுத்துகள் அங்கே உதவாது. அயல்நாட்டு ஒப்பந்தம் கைக்கு வந்தால், பொறுப்புத் துறப்புப் பத்திக்கு முன்னால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று சொல்லும் ஷரத்தைத் தேடிப் படியுங்கள். மற்ற வரிகளுக்கு என்ன பொருள் என்பதை முடிவு செய்வது அதுதான்.