வில் அல்ல, நாண்: கணினித் திரையில் ஒரு சைக்கிள் செயின்

கணினியில் இயந்திரப் பாகங்களை வரைபவர்கள் மிகவும் சுலபம் என்று நினைத்துத் தொடங்கும் வேலைகளில் ஒன்று செயின். ஒரு கண்ணியை வரைந்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் மென்பொருளே பாதையில் வரிசையாக அடுக்கிவிடும். படமும் பார்க்க அழகாகவே வரும். ஆனால் பின் சக்கரத்தின் பற்களுக்கு அருகே பெரிதாக்கிப் பார்த்தால் சங்கடம் தெரியும். ஒரு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கும் உருளை, ஐந்தாறு பல் தள்ளிப் போனதும் பல்லின் இரும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும். இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை நம் ஊர்ச் சைக்கிளின் செயினை வைத்தே பார்த்துவிடலாம்.

உருளைச் செயினின் இன்றைய வடிவத்தை 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருவாக்கினார். அதில் இரண்டு வகைக் கண்ணிகள் மாறி மாறி வரும். உள்கண்ணியில் இரண்டு தகடுகளும், அவற்றை இணைக்கும் இரண்டு புஷ்களும், புஷ்களின் மேல் சுழலும் இரண்டு உருளைகளும் இருக்கும். வெளிக்கண்ணியில் இரண்டு தகடுகளும் இரண்டு பின்களும் இருக்கும். அந்தப் பின்கள் புஷ்களுக்குள் நுழைந்து இரண்டு வகைக் கண்ணிகளையும் கோக்கும். ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை உள்ள தூரம்தான் பிட்ச். சைக்கிள் செயினில் அது அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. உருளையின் விட்டம் 7.75 மி.மீ.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெல்ட்டைப் போலச் செயின் வளையாது. ஒவ்வொரு கண்ணியும் 12.7 மி.மீ. நீளமுள்ள விறைப்பான குச்சி. மூட்டில் மட்டும்தான் அது திரும்பும். ஆகவே சக்கரத்தின் மேல் சுற்றிக் கிடக்கும் செயின் உண்மையில் வட்டம் அல்ல, பலகோணம். பள்ளிக்கூடக் கணக்கில் படித்த சொற்களில் சொன்னால், கண்ணி வட்டத்தின் வில்லைப் பின்பற்றுவதில்லை, நாணாக நிற்கிறது. வரையும்போது இதை மறந்தால் முதல் பிழை சக்கரத்திலேயே தொடங்கிவிடும்.

நம் சைக்கிளில் பெடல் பக்கத்துச் செயின் வீலுக்கு 44 பல், பின்னால் இருக்கும் ஃப்ரீவீலுக்கு 18 பல் என்று வைத்துக்கொள்வோம். உருளைகளின் மையங்கள் எந்த வட்டத்தில் அமர்கின்றனவோ அதுதான் பிட்ச் வட்டம். பின் சக்கரத்தின் பிட்ச் வட்டத்தைக் கண்டுபிடிக்க, 18 பல்லை 12.7ஆல் பெருக்கி, அதைச் சுற்றளவாகக் கொண்டு பையால் வகுக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் 72.77 மி.மீ. வரும். அது வில்லின் கணக்கு. நாணின் கணக்கு இது:

```
D = p / sin(180°/N)
```

p என்பது பிட்ச், N என்பது பற்களின் எண்ணிக்கை. 18 பல்லுக்கு D = 73.14 மி.மீ. வருகிறது. 44 பல்லுக்கு 178.02 மி.மீ. சின்னச் சக்கரத்தில் இரண்டு கணக்குகளுக்கும் இடையே 0.37 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது. பெரிய சக்கரத்தில் 0.15 மி.மீ. மட்டுமே. பல் குறையக் குறைய நாணும் வில்லும் விலகிப் போகும் என்பதால், சிக்கல் எப்போதும் சின்னச் சக்கரத்தில்தான் முதலில் தலைகாட்டும்.

பல்லை வரைவது என்பது உண்மையில் பள்ளத்தை வரைவதுதான். பிட்ச் வட்டத்தின் மேல் ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு உருளை உட்காரும் வளைவை வெட்ட வேண்டும். உருளையின் ஆரம் 3.875 மி.மீ. ஐ.எஸ்.ஓ. 606 தரநிலையின்படி அந்த வளைவின் ஆரம் குறைந்தது உருளை விட்டத்தின் 0.505 மடங்கு இருக்க வேண்டும். நமக்கு அது 3.914 மி.மீ. வருகிறது. வளைவிலிருந்து இரு பக்கமும் பல்லின் சரிவு ஏறும். பல்லின் நுனி விட்டத்தை இதே தரநிலை தரும் எல்லைக்குள், 79 மி.மீ. அளவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளத்தை வெட்டி, அதை மையத்தைச் சுற்றி 18 முறை அடுக்கினால் சக்கரம் தயார். உருளைக்கும் பள்ளத்துக்கும் இடையே ஆரத்தில் இருக்கும் இடைவெளி 0.04 மி.மீ.தான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாதை. இரண்டு பிட்ச் வட்டங்களையும் மேலேயும் கீழேயும் தொடுகோடுகளால் இணைத்தால் செயின் போகும் பாதை கிடைக்கும். ஆனால் இரண்டு மையங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம்? இதை நம் இஷ்டத்துக்கு முடிவுசெய்ய முடியாது. கண்ணிகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் அது இரட்டைப்படையாகவும் இருக்க வேண்டும். கண்ணிகளின் எண்ணிக்கைக்கான சூத்திரம்:

```
L = 2C/p + (N1 + N2)/2 + ((N2 - N1)/(2π))² · p/C
```

C என்பது மைய தூரம், N1, N2 இரண்டும் பற்கள். மைய தூரம் 450 மி.மீ. என்று போட்டுப் பார்த்தால் 102.35 கண்ணி வருகிறது. அப்படி ஒரு செயின் கிடையாது. 102 என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் மைய தூரத்தைத் திருப்பிக் கணக்கிட்டால் 447.77 மி.மீ. கிடைக்கிறது. சைக்கிள் கடையில் பின் சக்கரத்தின் நட்டைத் தளர்த்தி, அச்சை நீளப் பள்ளத்தில் முன்னே பின்னே நகர்த்திச் செயினை இழுத்துக் கட்டுவது இதே கணக்கைக் கையால் போடுவதுதான். வரைபவர் அதை எண்ணால் போட வேண்டியிருக்கிறது.

இப்போது கண்ணிகளை அடுக்கலாம். பியூஷனில் `Pattern on Path`, ஃப்ரீகேடில் `Draft PathArray` போன்ற கட்டளைகள் பாதையின் நீளத்தைச் சம பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் ஒரு நகலை வைக்கும். நாம் வரைந்த பாதையின் நீளம் 1296.2 மி.மீ. ஆனால் 102 கண்ணிகளின் மொத்த நீளம் 1295.4 மி.மீ.தான். வில் நாணைவிட நீளம் என்பதால் வந்த 0.8 மி.மீ. அது. பாதையை 102ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு 12.708 மி.மீ. வருகிறது. நேர்கோட்டில் இது கண்ணுக்கே தெரியாது. பின் சக்கரத்திலோ ஒரு பல்லுக்கு வில்லின் நீளம் 12.765 மி.மீ. ஆகவே ஒவ்வொரு கண்ணிக்கும் 0.057 மி.மீ. பின்தங்கிக்கொண்டே போகும். நமக்கு இருந்த இடைவெளி 0.04 மி.மீ. மட்டுமே. முதல் உருளை சரியாக உட்கார்ந்தாலும், இரண்டாவதே பல்லை உரசத் தொடங்கும். எட்டாவது கண்ணி தாண்டும்போது விலகல் அரை மில்லிமீட்டரை நெருங்கியிருக்கும். தொடக்கத்தில் சொன்ன புதைந்த உருளை இதுதான்.

இன்னொரு பிழையும் இதனுடன் சேர்ந்து வரும். கண்ணியின் ஒரு துளையைப் பாதையில் வைத்து, கண்ணியை அந்த இடத்துத் தொடுகோட்டின் திசைக்குத் திருப்பினால், மறுமுனைத் துளை வட்டத்துக்கு வெளியே நிற்கும். 18 பல் சக்கரத்தில் அது 2.1 மி.மீ. வெளியே போகும். பின்கள் புஷ்களைவிட்டு விலகிப் படிக்கட்டு மாதிரி தெரிந்தால் காரணம் இதுதான் என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஒவ்வொரு கண்ணியின் இரண்டு துளைகளும் பாதையின் மேல் இருக்க வேண்டும், ஒன்றின் முடிவில் அடுத்தது தொடங்க வேண்டும். சாலிட்வொர்க்ஸில் 2015 பதிப்பில் வந்த `Chain Component Pattern` கட்டளையில் `Connected Linkage` என்ற தேர்வு இதைத்தான் செய்கிறது. உள்கண்ணி, வெளிக்கண்ணி இரண்டையும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பாதையோடு பொருந்த வேண்டிய இரண்டு இடங்களைக் காட்டினால், அது வில்லை அளக்காமல் நாணாகவே அடுக்கிக்கொண்டு போகும்.

அந்த வசதி இல்லாத மென்பொருளில் கையாலேயே பிரித்து அடுக்கலாம். முன் சக்கரத்தின் மேல் தொடுபுள்ளியில் ஒரு உருளையை வையுங்கள். அங்கிருந்து பின்னோக்கி நேர்கோட்டில் 12.7 மி.மீ. இடைவெளியில் 35 கண்ணிகள். கடைசி உருளை பின் சக்கரத்தின் தொடுபுள்ளிக்கு 0.18 மி.மீ. முன்னால் நிற்கும். பின் சக்கரத்தை 0.3 டிகிரி திருப்பி, அந்த உருளைக்கு நேராக ஒரு பள்ளத்தைக் கொண்டுவர வேண்டும். பிறகு 20 டிகிரிக்கு ஒன்றாகச் சக்கரத்தைச் சுற்றி 8 கண்ணிகள். முன் சக்கரத்தில் 8.18 டிகிரிக்கு ஒன்றாக 23 கண்ணிகள். மீதி 36 கண்ணிகள் கீழ்ப் பக்கத்துக்கு. 36 கண்ணியின் நீளம் 457.2 மி.மீ. அவை நிரப்ப வேண்டிய இடமும் தலைமுடி அளவு வித்தியாசத்தில் அதேதான். 35, 8, 36, 23 கூட்டினால் 102. கணக்கு மூடிக்கொள்கிறது.

சரிபார்க்க, கண்ணால் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். சாலிட்வொர்க்ஸின் `Interference Detection` போன்ற கட்டளையை ஓட்டி, உருளையும் பல்லும் எங்காவது ஒன்றையொன்று ஊடுருவுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின் சக்கரத்தில் செயின் இறங்கும் கடைசிப் பல்லை முதலில் சோதியுங்கள். பிழை சேர்ந்து சேர்ந்து வருவதால் அங்கேதான் அது பெரிதாக இருக்கும்.

இப்படிச் சரியாக வந்த மாதிரியிலும் சில விஷயங்கள் இருக்காது. ஓடும் செயினில் மிதிக்கும்போது மேல்பக்கம் இறுகும், கீழ்ப்பக்கம் சற்றுத் தொய்யும். தொடுகோடாக வரைந்த பாதையில் அந்தத் தொய்வு இல்லை. பலகோணமாகச் சுற்றுவதால் செயினின் வேகமும் சீராக இருக்காது. சக்கரம் ஒரே வேகத்தில் சுழன்றாலும், 18 பல்லில் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் சுமார் 1.5 சதவீதம் ஏறி இறங்கும். நின்றுகொண்டிருக்கும் படம் இதைச் சொல்லாது.

ஆனால் பிட்சை மாற்றக்கூடிய எண்ணாக வைத்து வரைந்திருந்தால், தேய்ந்த செயினை இந்த மாதிரி நன்றாகவே காட்டும். பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்வதால் செயின் நீள்கிறது. உள்கண்ணியில் உருளைகளின் தூரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், வெளிக்கண்ணியின் பங்குதான் கூடும். சராசரியாக 1 சதவீதம் நீண்டுவிட்டால் உருளைகள் பள்ளத்தின் அடியில் உட்கார முடியாமல் பல்லின் மேல் ஏறும். 18 பல்லில் அவை 0.37 மி.மீ. ஏறும், 44 பல்லில் சுமார் 0.9 மி.மீ. ஏறும். பல் அதிகமுள்ள சக்கரம் செயினின் நீட்சியைக் குறைவாகவே பொறுத்துக்கொள்கிறது. வில்லுக்கும் நாணுக்கும் உள்ள வித்தியாசம் சின்னச் சக்கரத்தைச் சோதித்தது. தேய்மானம் பெரிய சக்கரத்தைச் சோதிக்கிறது. ஆகவே வரையும்போது ஃப்ரீவீலைப் பாருங்கள், பழைய செயினை மாற்றலாமா என்று யோசிக்கும்போது செயின் வீலைப் பாருங்கள்.