மூன்று ஷிஃப்ட், ஒரே வலி

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த ஒருவரின் வலி, ஒரே நாளில் நாலைந்து இடங்களில் எழுதப்படுகிறது. காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் குறிக்கும் தாளில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு ஷிஃப்ட் நர்ஸும் எழுதும் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி வரும். எந்த ஊசி எப்போது போட்டார்கள் என்பது மருந்துத் தாளில் இருக்கும். காலை மடக்கிப் பழக்க வரும் பிசியோதெரபிஸ்ட் தன் தாளில் இன்னோர் எண்ணை எழுதிவிட்டுப் போவார். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்ட மருத்துவமனைகளிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. தாளுக்குப் பதில் தனித்தனித் திரை, அவ்வளவுதான்.

ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் “வலி எப்படி இருக்கு?” என்று கேட்டால், கையில் இருக்கும் தாளின் கடைசி எண்தான் பதிலாக வரும். “3 சார்.” அந்த 3 எப்போது கேட்ட 3, மருந்து போட்டு எவ்வளவு நேரம் கழித்துக் கேட்டது, படுத்திருக்கும்போதா நடக்கும்போதா என்பதெல்லாம் வேறு வேறு தாள்களில் கிடக்கின்றன. இவற்றை ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தால் என்ன தெரியவரும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். நோயாளி கற்பனையானவர். ஆனால் அவருடைய தாள்களில் இருப்பவை எந்த வார்டிலும் அன்றாடம் காணக்கூடியவை.

அவருக்கு 64 வயது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்த மறுநாள். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால் 1 கிராம் நரம்பு வழியாக ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நேரம் காலை 6, மதியம் 2, இரவு 10. வலி அதிகமானால் டிரமடால் 50 மில்லிகிராம் கொடுக்கலாம் என்பது கூடுதல் உத்தரவு. வலியைக் கேட்பது 0 முதல் 10 வரையிலான அளவுகோலில். வலியே இல்லை என்றால் 0, கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி 10.

காலை ஷிஃப்ட் 7.30க்கு ‘3’ என்று எழுதியது. மதிய ஷிஃப்ட் 3 மணிக்கு ‘3’. இரவு ஷிஃப்ட் 11 மணிக்கு ‘2’. ஒருவர் இன்னொருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது “பெயின் 3, ஸ்டேபிள்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது பொய்யல்ல. ஒவ்வொருவரும் தான் கேட்டதைத்தான் எழுதினார்கள்.

இப்போது மற்ற தாள்களையும் எடுத்து, எல்லாப் பதிவுகளையும் நேர வரிசையில் ஒரே பட்டியலாக எழுதிக்கொள்வோம். முதல் வேலை இதுதான், பொறுமை வேண்டிய வேலையும் இதுதான். ஒவ்வொரு பதிவுக்கும் நிகழ்ந்த நேரத்தை எடுக்க வேண்டும், எழுதிய நேரத்தை அல்ல. வேலை நெருக்கடியில் பலர் ஷிஃப்ட் முடியும் தறுவாயில் மொத்தமாக எழுதுவார்கள். காலை 11.40க்குப் போட்ட ஊசி கம்ப்யூட்டரில் மதியம் 1.45க்கு ஏறியிருக்கும். அதை 1.45 என்று எடுத்துக்கொண்டால், ஊசிக்கு முன் கேட்ட வலி எது, பின் கேட்டது எது என்பதே தலைகீழாகிவிடும். மருந்து விஷயத்திலும் உத்தரவில் உள்ள மணியை விட்டுவிட்டு, உண்மையில் போட்ட மணியைத்தான் எடுக்க வேண்டும்.

பட்டியல் இப்படி விரிகிறது. காலை 11 மணிக்கு பிசியோதெரபி தாளில் ‘8’: காலை மடக்கும்போது வலி தாங்காமல் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். 11.40க்கு டிரமடால். அதன்பின் மதியம் 3 மணி வரை எந்த எண்ணும் இல்லை. மாலை 5.30க்கு நர்ஸ் குறிப்பில், வாக்கர் பிடித்து கழிவறைக்குப் போகும்போது வலி 7. 6.15க்கு டிரமடால், 6.50க்கு வலி 4. இரவு 2.40க்கு ‘வலிப்பதாகச் சொன்னார், டிரமடால் கொடுக்கப்பட்டது’ என்று இருக்கிறது. எண் இல்லை. 3.15க்கு ‘தூங்குகிறார்’. விடியற்காலை 5.45க்கு வலி 6. 6 மணிக்கு அடுத்த பாராசிட்டமால்.

இதைக் கட்டம் போட்ட தாளில் வரையலாம், கம்ப்யூட்டர் விரிதாளிலும் வரையலாம். கீழே இடமிருந்து வலமாக 24 மணி நேரம், காலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை. ஷிஃப்ட் மாறும் இடத்தில் கோடு உடையக் கூடாது. பக்கவாட்டில் 0 முதல் 10. படுத்திருக்கும்போது கேட்ட வலிக்கு வட்டம், அசையும்போது கேட்டதற்கு முக்கோணம். வட்டங்களை வட்டங்களோடும் முக்கோணங்களை முக்கோணங்களோடும்தான் இணைக்க வேண்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது பெரிய தவறு. படுத்திருக்கும்போது 2, நடக்கும்போது 8 என்றால் சராசரி 5 வரும். அந்த 5 அவருக்கு எந்த நேரத்திலும் இருந்ததில்லை. வலி வரிக்குக் கீழே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பட்டை, போட்ட நேரத்தில் ஒரு குறி, பக்கத்தில் அளவு. அதற்கும் கீழே மயக்கநிலைக்கும் மூச்சு எண்ணிக்கைக்கும் ஒரு வரி.

வரைந்து முடித்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த மூன்று நல்ல எண்கள் இருக்கும் இடம். காலை 7.30, பிற்பகல் 3, இரவு 11. மூன்றுமே பாராசிட்டமால் ஏறி ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கேட்டவை. நரம்பு வழி பாராசிட்டமாலின் பலன் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை நிற்கும். அதாவது நாளின் மிகச் சிறந்த நேரத்தில் மட்டுமே வழக்கமான கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. மருந்து நேரமும் நாடி பார்க்கும் நேரமும் அப்படி அமைந்துவிட்டன. மருந்து ஏறி எட்டு மணி நேரம் ஆகப்போகும் 5.45க்கு, படுத்திருக்கும்போதே 6. இரவு 2.40 முறையீடும் மருந்து ஏறி நாலரை மணி நேரம் கடந்த பிறகுதான் வருகிறது.

அடுத்து முக்கோணங்கள். 8, 7. இரண்டுமே அசைவுக்கு முன் கூடுதல் மருந்து எதுவும் போடாத நேரங்கள். டிரமடால் ஒவ்வொரு முறையும் வலி வந்த பிறகே போயிருக்கிறது. பிசியோதெரபி பாதியில் நின்ற பிறகு, கழிவறை போய் வந்த பிறகு.

மூன்றாவதாக, மருந்துக்கு என்ன பலன் என்ற கேள்வி. இங்கே ஒரு விதி வைத்துக்கொள்வது அவசியம். மருந்துக்கு முந்தைய எண் என்பது அதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் கேட்டதாக இருக்கட்டும். பிந்தைய எண், நரம்பு வழி மருந்தென்றால் சுமார் அரை மணி நேரத்தில், மாத்திரை என்றால் சுமார் ஒரு மணி நேரத்தில் கேட்டதாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் அதை அந்த மருந்தின் பலன் என்று இணைக்கக் கூடாது. இப்படிப் பார்த்தால் 6.15 டிரமடாலுக்கு மட்டுமே ஜோடி கிடைக்கிறது, 7லிருந்து 4. இரண்டு புள்ளி, அல்லது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான இறக்கம் நோயாளிக்கு உணரத்தக்க நிம்மதி என்று கொள்வது வழக்கம். ஆகவே இது பலன்தான். ஆனால் இதிலும் ஒரு கவனம் வேண்டும். 7 நடக்கும்போது கேட்டது, 4 கட்டிலுக்குத் திரும்பிய பின் கேட்டது. படுத்ததால் குறைந்த பங்கு எவ்வளவு, மருந்தால் குறைந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 11.40 ஊசிக்குப் பின் கேட்டது மூன்று மணி நேரம் கழித்து, நடுவில் பாராசிட்டமால் வேறு ஏறியிருக்கிறது. 2.40 ஊசிக்கு முன்னும் எண் இல்லை, பின்னும் இல்லை. மூன்று ஊசி போட்டும் ஒன்றின் பலனைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மருந்து மாற்ற வேண்டுமா, அளவை ஏற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க வருபவருக்கு இது தெரிந்தாக வேண்டும். அதனால்தான் வரைபடத்தில் காலி இடங்களைக் காலியாகவே விட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். நேர்த்தியாக இருக்கட்டும் என்று இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நீளமாகக் கோடிழுத்தால், நாம் கேட்காத வலியை நாமே எழுதியதாகிவிடும்.

தூக்கமும் அப்படித்தான். ‘தூங்குகிறார்’ என்பதை 0 என்று போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வலியோடு களைத்துத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள், மருந்தால் மயங்கிக் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் ‘தூ’ என்று எழுதி, மயக்கநிலையையும் மூச்சையும் கீழ் வரியில் குறிப்பதே சரி. டிரமடாலோ மார்பினோ போகும் நோயாளிக்கு மூச்சு குறைவதற்கு முன் மந்தம்தான் பெரும்பாலும் முதலில் வரும். கூப்பிட்டால் கண் திறந்து, பேச்சின் நடுவிலேயே மறுபடி சொக்கிப்போகிறவர் வலி 8 என்று சொன்னாலும், அடுத்த ஊசியை நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. அமெரிக்காவில் 1990களில், வலியை நாடி, ரத்த அழுத்தம் போல ஐந்தாவது உயிர்க்குறியாக எழுத வேண்டும் என்ற இயக்கம் வேகம் பிடித்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த வலியைப் பார்க்க வைத்தது அதன் நன்மை. எண்ணைக் குறைப்பதே குறியாகிப் போனதும் ஓபியாய்டு மருந்துகள் தாராளமாகப் போயின, அந்த வழக்கம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. எண்ணோடு மயக்கநிலையையும் ஒரே தாளில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு பிரச்சினை, கேட்காமலே எழுதும் எண். வெவ்வேறு கையெழுத்தில் 3, 3, 3 என்று சரியாக மணிக்கு மணி வந்து, பக்கத்துத் தாளில் ‘நோயாளி வலியால் அழுதார்’ என்று இருந்தால் சந்தேகப்படலாம். கேட்கும் விதமும் எண்ணை மாற்றும். “வலி இருக்காம்மா?” என்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் பலரும் “பரவால்ல சிஸ்டர், தாங்கிக்கலாம்” என்பார்கள். “சும்மா படுத்திருக்கறப்ப எவ்வளவு? காலை மடக்கினா எவ்வளவு?” என்று இரண்டாகக் கேட்டால்தான் வட்டமும் முக்கோணமும் கிடைக்கும். நினைவு தடுமாறியவர்களிடமும் குழந்தைகளிடமும் முகபாவம், அழுகை, உடல் அசைவு பார்த்து மதிப்பிடும் வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணை இதே வரியில் சேர்க்காமல் தனிக் குறியிட்டு வைக்க வேண்டும்.

நம் உதாரணத்துக்குத் திரும்பினால், இந்தத் தாளைப் பார்த்த மருத்துவர் மருந்தைக் கூட்டுவதற்கு முன் நேரத்தை மாற்றுவார். கல்லீரல் நன்றாக இருந்து எடையும் 50 கிலோவுக்கு மேல் இருந்தால், பாராசிட்டமாலை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக்கலாம். நாளுக்கு 4 கிராம் என்ற உச்சவரம்புக்குள் அது அடங்கும். 11 மணி பிசியோதெரபிக்கு முக்கால் மணி நேரம் முன்பே டிரமடால் போகலாம். நர்ஸ்கள் ஒவ்வொரு பாராசிட்டமாலுக்கும் சற்று முன்னால் ஒரு எண், ஒவ்வொரு டிரமடாலுக்கும் அரை மணி நேரம் கழித்து ஒரு எண் கேட்க வேண்டும். மறுநாள் வரைபடத்தில் 11 மணி முக்கோணம் 5க்கு இறங்கி, பயிற்சியும் முழுதாக முடிந்திருந்தால் போதும். 0 ஆக வேண்டிய அவசியமில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று போகும்போது வட்டங்கள், அதாவது அசையாமல் இருக்கும்போதே உள்ள வலி, இறங்க வேண்டியதற்குப் பதில் ஏறிக்கொண்டே போய், மருந்துக்குப் பின்னும் இரண்டு புள்ளிகூடக் குறையவில்லை என்றால், அது மருந்து நேரத்தால் வரும் வலி அல்ல. கட்டு இறுக்கமா, கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா, காயத்தில் சீழ் பிடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அடுத்த ஊசியைப் பற்றி யோசிப்பதற்கு முன், அறுவை சிகிச்சை நிபுணரை அழைத்துக் கட்டைப் பிரித்துக் காலைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.