கறுப்பு பிஎல்ஏ போய் வெள்ளை ஏபிஎஸ் வரும்வரை

முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கியவர்கள் முதலில் பழகுவது பிஎல்ஏ பிளாஸ்டிக்கில். மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் செய்யப்படும் இது குறைந்த சூட்டில் உருகும், அதிகம் சுருங்காது, நாற்றமும் இல்லை. ஆனால் இதில் ஒரு செல்போன் தாங்கி செய்து காரின் டாஷ்போர்டில் பொருத்தி, காரை மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது தாங்கி தொய்ந்து கிடக்கும். பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்குகிறது. வெயிலில் பூட்டிய கார் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும். அதனால் அடுத்த தாங்கியை ஏபிஎஸ்ஸில் செய்யலாம் என்று தோன்றும். அது இளகுவது 105 டிகிரியை ஒட்டித்தான்.

இயந்திரம் ஒன்று, நாசிலும் ஒன்று. அதற்குள் நேற்றுவரை ஓடிய கறுப்பு பிஎல்ஏ இருக்கிறது. இனி வெள்ளை ஏபிஎஸ் ஓட வேண்டும். ரீலைக் கழற்றி வேறு ரீலை மாட்டுவதோடு இந்த வேலை முடிவதில்லை.

1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையைப் பல்சக்கரம் ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த இழை சூடான உலோகக் கட்டைக்குள் நுழைந்து, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தூரத்துக்குள் உருகி, 0.4 மில்லிமீட்டர் துளை வழியே வெளியே வருகிறது. பழைய இழையை உருவி எடுத்தாலும் உருகிய பகுதி முழுவதும் அதோடு வந்துவிடாது. நாசிலின் கூம்பிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டது அங்கேயே தங்கும்.

இரண்டு பிளாஸ்டிக்குகளுக்கும் வேண்டிய சூடு வேறு வேறாக இருப்பதுதான் சிக்கலின் வேர். பிஎல்ஏ 190 முதல் 220 டிகிரி வரை நன்றாக ஓடும். ஏபிஎஸ்ஸுக்கு 230 முதல் 250 வரை வேண்டும். ஏபிஎஸ்ஸுக்கு உருகுநிலை என்று ஒரு கோடு கிடையாது. சூடு ஏற ஏற இளகிக்கொண்டே போகும், அவ்வளவுதான். 200 டிகிரியில் அது மென்மையாகியிருக்கும், ஆனால் மெல்லிய துளை வழியே ஓடுமளவுக்கு இளகியிருக்காது. அந்தச் சூட்டில் தள்ளினால் பல்சக்கரம் ‘டக் டக்’ என்று வழுக்கி, இழையைக் கடித்துக் குழிபறித்துவிடும். பல இயந்திரங்களில் இருக்கும் மார்லின் மென்பொருள், மாற்றாமல் விட்டால், 170 டிகிரிக்குக் கீழே இழையைத் தள்ள மறுக்கும். அந்தக் காப்பு இங்கே உதவாது, ஏனென்றால் 200 டிகிரி அதன் கணக்கில் போதுமான சூடு.

அப்படியானால் நேராக 245-க்கு ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். உள்ளே பிஎல்ஏ இருக்கும்போது அப்படிச் செய்து சில நிமிடங்கள் விட்டால் அது நீர்த்து, தள்ளாமலே துளையிலிருந்து சொட்டும். இன்னும் விட்டால் பழுப்பேறிக் கருகும். கருகிய துகள் எந்தச் சூட்டிலும் மறுபடி உருகாது, துளையை அடைத்துக்கொள்ளும். இன்னொரு கெடுதலும் உண்டு. சூடு மெல்ல மேலேறி, குளிர்ச்சியாக இருக்க வேண்டிய பகுதியில் நிற்கும் பிஎல்ஏ இழையையும் இளக்கும். அது உப்பி அங்கேயே சிக்கிக்கொண்டால், உருவி எடுப்பதே பெரும்பாடு.

ஆகவே பிஎல்ஏ இழையை அதற்குரிய சூட்டிலேயே வெளியேற்றிவிட வேண்டும். 205 டிகிரியில் வைத்து, முதலில் ஒரு சென்டிமீட்டர் முன்னோக்கித் தள்ளி, உடனே வேகமாகப் பின்னிழுத்தால், நுனி நூல் நூலாக இழுபடாமல் சுத்தமாக வரும். இழை வெளியே வந்தபின் சூட்டை 230-க்கு ஏற்றலாம். என் கணிப்பில் கைமாற்றத்துக்கு ஏற்ற இடம் இதுதான். ஏபிஎஸ் இங்கே ஓடத் தொடங்குகிறது. சுவரில் மிச்சமிருக்கும் பிஎல்ஏ சில நிமிடங்களுக்குள் கெட்டுப்போவதும் இல்லை. ஏபிஎஸ் இழையின் நுனியைச் சாய்வாக வெட்டி, கையால் மெல்லத் தள்ளுங்கள். துளையிலிருந்து ஏதாவது வரத் தொடங்கியதும் மீதியை இயந்திரத்திடம் விடலாம்:

```
M83
M109 S230
G1 E100 F100
M400
M109 S240
G1 E100 F100
```

230 டிகிரியில் 100 மில்லிமீட்டர் இழையை ஒரு நிமிடத்தில் மெதுவாகத் தள்ளு, பிறகு 240-க்கு ஏற்றி இன்னொரு 100 தள்ளு என்பதுதான் இந்தக் கட்டளைகளின் பொருள். முதல் சுற்று பழையதில் பெரும்பகுதியைத் தள்ளிவிடும். இரண்டாவது சுற்றில் ஏபிஎஸ் தன் சரியான சூட்டில் ஓடி, ஒட்டியிருப்பதை வழித்துக்கொண்டு போகும்.

உருகும் பகுதியில் நிற்கும் பிளாஸ்டிக் ஏறத்தாழ 50 கன மில்லிமீட்டர். நாம் தள்ளிய 200 மில்லிமீட்டர் இழை அதைப்போலப் பத்து மடங்கு. இவ்வளவு தேவைப்படுவதற்குக் காரணம் ஓட்டத்தின் தன்மை. வாய்க்காலில் நடுநீர் விரைந்து ஓட, கரையோர நீர் தேங்கி நகர்வதைப் பார்த்திருப்போம். நாசிலுக்குள்ளும் புதிய பிளாஸ்டிக் நடுவே பாய்ந்து போகும், சுவரோரத்துப் பழையது மெல்ல மெல்லத்தான் கரைந்து வரும். வீணாகும் ஏபிஎஸ் அரை கிராம்தான், அதில் கஞ்சம் பிடிக்க வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியும் வரிசை இது: முதலில் கறுப்பு, பிறகு சாம்பல், பிறகு வெள்ளை நூலில் ஓடும் மெல்லிய கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகளும் மறைய வேண்டும். நிறம் மட்டும் போதாது, நூலை ஆறவிட்டு வளைத்தும் பாருங்கள். நல்ல ஏபிஎஸ் மடிந்து, மடிப்பில் வெளிறும். பிஎல்ஏ சட்டென முறியும். வெள்ளையிலிருந்து வெள்ளைக்கு மாறும்போது இந்தச் சோதனை ஒன்றுதான் துணை. இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகக் கலக்காத பிளாஸ்டிக்குகள். பழையது கலந்த அடுக்கு சரியாக ஒட்டாமல் பின்னால் பிளந்துகொள்ளும். தாங்கி உடைவது பெரும்பாலும் அந்த அடுக்கில்தான்.

எவ்வளவு தள்ளினாலும் கறுப்பு விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால், குறை வேறிடத்தில் இருக்கிறது. விலை குறைந்த பல இயந்திரங்களில் பிடிஎஃப்இ என்ற வழுவழுப்பான வெள்ளைக் குழாய் நாசில் வரை இறங்கியிருக்கும். அது நாசிலோடு இறுக்கமாகப் பொருந்தாமல் இடைவெளி விழுந்திருந்தால், பழைய பிளாஸ்டிக் அங்கே வளையமாகத் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். குழாயை எடுத்து நுனியை நேராக வெட்டி மறுபடி பொருத்துவதே வழி. இத்தகைய இயந்திரத்தில் 240-க்கு மேல் போகவே கூடாது என்பேன். அதிகச் சூட்டில் அந்தக் குழாய் சிதைந்து நச்சுப் புகை விடும். கூண்டுப் பறவைகளுக்கு அது உயிராபத்து, வீட்டில் கிளி வளர்ப்பவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

நாசில் தயாரானபின் அச்சுத்தட்டை 60-லிருந்து 100 டிகிரிக்கு ஏற்றி, காற்றாடியை நிறுத்தி, இயந்திரத்தைச் சுற்றி மூடிவிட்டு அச்சிடலாம். ஏபிஎஸ் ஆறும்போது சுருங்கி மூலைகள் எழும்பும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. வெளிவரும் ஸ்டைரீன் வாடை அறைக்குள் தங்காமல் போக வழி இருக்க வேண்டும்.

மறுபடி பிஎல்ஏவுக்குத் திரும்பும்போது சூட்டை முதலிலேயே குறைத்துவிடுகிறவர்கள் அடைப்பில் மாட்டுகிறார்கள். 205-இல் சுவரில் நிற்கும் ஏபிஎஸ் அசையாது, பிஎல்ஏ அதன்மேல் முட்டி நிற்கும். 240-இலேயே பிஎல்ஏவை ஏற்றி, தாமதிக்காமல் தள்ளத் தொடங்கி, வெள்ளை மறைந்து நூல் முழுக் கறுப்பானபின் தள்ளிக்கொண்டே 205-க்கு இறக்க வேண்டும்.